நூறு புளியங்கொட்டையும் மூன்று சட்டைக் கடைகளும்

பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்குத் தள்ளுபடிக் காலம் கொஞ்சம் நீளம். கன்னடக்காரர்களின் ஆஷாடம் ஜூன், ஜூலை வாக்கில் வரும். அது முடிவதற்குள் ஜூலை நடுவில் நம் ஆடி பிறந்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலும் சிவாஜிநகரிலும் கடை வாசல் கண்ணாடியெல்லாம் சிவப்புக் காகிதத்தில் % % என்று ஒட்டிவிடுகிறார்கள். அல்சூரில் எங்கள் தெருப் பெண்கள் நடத்தும் சீட்டுக் குழுவில் சீட்டு எடுப்பவர்களுக்கு அந்த வாரமே துணி எடுக்கும் யோசனை வந்துவிடும். சென்ற ஆடியில் சீட்டு எடுத்த அக்கா ஒருவர் என்னிடம் வந்து கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "நீ பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றவ. மூணு கடை பாத்துட்டு வந்தேன். எந்தக் கடைல எடுக்கட்டும், சொல்லு."

அவருக்கு வேண்டியது இரண்டு சட்டைகள். ஒன்று கணவருக்கு, ஒன்று மகனுக்கு. மூன்று கடையிலும் ஒரே கம்பெனிச் சட்டை, டேகில் அச்சான எம்ஆர்பி 1,200 ரூபாய். மூன்று கடையின் பலகையும் மூன்று விதம்.

முதல் கடை: 40% + 20% தள்ளுபடி.
இரண்டாவது கடை: 2 வாங்கினால் 3 இலவசம்.
மூன்றாவது கடை: 2,400 ரூபாய்க்கு வாங்கினால் 1,000 ரூபாய் கூப்பன்.

வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இதே கேள்வி குழுவில் பத்துப் பேருக்காவது இருக்கும் என்று தெரியும். அதனால் அடுத்த ஞாயிறு சீட்டுக் கூட்டத்தில், மொட்டை மாடியில், இதை ஒரு சின்ன நாடகமாகப் போட்டோம். என்னிடம் டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்புப் பையன் மூன்று கடைக்காரராகவும் நடித்தான். அக்கா அக்காவாகவே வந்தார். மேடைப் பொருள் இரண்டுதான்: ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் எண்ணி வைத்த நூறு புளியங்கொட்டை.

அந்த நூறு கொட்டைதான் ஒரு சட்டையின் முழு விலை. 1,200 ரூபாயை நூறாகப் பிரித்தால் ஒரு கொட்டைக்கு 12 ரூபாய். ஒரு விழுக்காடு என்றால் இந்தச் சட்டையைப் பொறுத்தவரை ஒரு கொட்டை, 12 ரூபாய். இதைத் தொடங்கும்போதே எல்லோர் கையிலும் ஒரு கொட்டை கொடுத்துச் சொல்லிவிட்டோம்.

முதல் கடை.

"வாங்கக்கா, வாங்க. நாற்பதும் இருபதும் சேர்த்து அறுபது பர்சன்ட் தள்ளுபடி!" என்றான் பையன்.

"அப்போ ஆயிரத்து இருநூறுல அறுபது போனா நானூத்தி எண்பது. ரெண்டு சட்டைக்குத் தொள்ளாயிரத்து அறுபது. போடு தம்பி."

"ஐயோ அக்கா, பில்லுல ஆயிரத்து நூத்தி அம்பத்திரண்டு வருதே."

இந்த இடத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் விழித்தார்கள். பையன் தட்டைக் கையில் எடுத்தான். முதலில் நாற்பது கொட்டையை எண்ணித் தனியே வைத்தான். தட்டில் அறுபது. "இப்ப இருபது பர்சன்ட் எடுக்கணும். எத்தனை கொட்டை?" என்று கேட்டான். முன்வரிசையில் இருந்த மாமி "இருபது" என்றார். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இருபது விழுக்காடு என்பது இருபது கொட்டை அல்ல, நூற்றுக்கு இருபது. தட்டில் இப்போது நூறு இல்லை, அறுபதுதான் இருக்கிறது. அறுபதில் ஐந்தில் ஒரு பங்கு பன்னிரண்டு. பன்னிரண்டை எடுத்தான். தட்டில் மீதி நாற்பத்தெட்டு.

நாற்பத்தெட்டு கொட்டை, கொட்டைக்கு 12 ரூபாய். 576 ரூபாய். இரண்டு சட்டைக்கு 1,152. பலகை அறுபது போலத் தெரிந்தாலும் உண்மைத் தள்ளுபடி 52 விழுக்காடு. கடைக்காரர் பொய் எழுதவில்லை, கூட்டல் குறிதான் போட்டிருக்கிறார். அதைக் கூட்டிக்கொண்டது நாம்.

ஒரு பெண் எழுந்து, "முதல்ல இருபதும் அப்புறம் நாற்பதும் எடுத்தா நமக்கு நல்லதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கொட்டைகளை மறுபடி நூறாகச் சேர்த்து அதையும் செய்து பார்த்தோம். இருபது போனால் எண்பது. எண்பதில் நாற்பது விழுக்காடு முப்பத்திரண்டு. மீதி அதே நாற்பத்தெட்டு. எதை முதலில் கழித்தாலும் ஒன்றுதான்.

கடையில் நின்றுகொண்டு கொட்டை எண்ண முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது, நம் வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது. தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், மீதியைப் பாருங்கள். 40% போனால் மீதி அறுபது, அதாவது பத்தில் ஆறு. 20% போனால் மீதி எண்பது, பத்தில் எட்டு. ஆறெட்டு நாற்பத்தெட்டு. அவ்வளவுதான், நூற்றுக்கு நாற்பத்தெட்டு நாம் கட்ட வேண்டும். 50% + 30% என்று போட்டிருந்தால் ஐயேழு முப்பத்தைந்து. உண்மைத் தள்ளுபடி 65. 30% + 30% என்றால் ஏழேழு நாற்பத்தொன்பது, தள்ளுபடி 51. பலகையில் 50% + 50% என்று போட்டாலும் சட்டை இலவசமாகிவிடாது. ஐயைந்து இருபத்தைந்து, கால் பங்கு விலையைக் கட்டித்தான் ஆக வேண்டும். போனில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது:

```
1200 × 0.60 × 0.80 = 576
```

பத்து பத்தாக இல்லாத எண் வந்தாலும் இதே வழிதான். 50% + 15% என்றால் மீதி ஐந்தும் எட்டரையும்; ஐந்தை எட்டரையால் பெருக்கினால் நாற்பத்திரண்டரை. நூற்றுக்கு நாற்பத்திரண்டரை கட்டுகிறோம்.

சரி, இரண்டாவது கடை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த கடை, ஏனென்றால் இங்கே பதில் கடைக்காரரிடம் இல்லை, வாங்குகிறவரிடம் இருக்கிறது.

"ரெண்டு சட்டைக்குக் காசு கொடுங்கக்கா, மூணு சட்டை சும்மா! அஞ்சு சட்டை இரண்டாயிரத்து நானூறு!"

ஐந்து சட்டையின் முழு விலை 6,000. கட்டுவது 2,400. தள்ளுபடி 60 விழுக்காடு. ஒரு சட்டை 480 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. முதல் கடையின் 576-ஐ விட 96 ரூபாய் குறைவு. அக்கா கிட்டத்தட்ட இந்தக் கடைக்குத்தான் போக நினைத்திருந்தார்.

நான் நாடகத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரியாக உள்ளே நுழைந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அக்கா, வீட்டுல எத்தனை பேருக்குச் சட்டை வேணும்?"

"ரெண்டு பேருக்குத்தான்."

"அப்போ நீங்க ரெண்டு சட்டைக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?"

கொஞ்ச நேரம் மாடியில் சத்தமே இல்லை. அப்புறம் அவரே சொன்னார். "ரெண்டாயிரத்து நானூறு."

முதல் கடையில் 1,152 கொடுத்தால் முடிகிற வேலைக்கு இங்கே 2,400. வீட்டுக்குச் சட்டை ஐந்து வரும், உண்மைதான். ஆனால் மூன்று சட்டை பீரோவில் மடிப்பு கலையாமல் கிடக்கும் என்றால் அவற்றின் விலை பூஜ்யம் அல்ல. அவற்றுக்காக 1,248 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். இந்த மாதிரிப் பலகையைப் பார்த்தால் கட்டும் பணத்தைக் கைக்கு வரும் சட்டைகளால் வகுக்கக் கூடாது. நமக்கு உண்மையில் தேவைப்படும் சட்டைகளால் வகுக்க வேண்டும். இரண்டு தேவை என்றால் ஒன்று 1,200, தள்ளுபடியே இல்லை. மூன்று தேவை என்றால் ஒன்று 800. நான்கு என்றால் 600. ஐந்தும் தேவை என்றால்தான் அந்த 480.

முதல் கடையில் எத்தனை எடுத்தாலும் ஒன்று 576. ஆக, நான்கு சட்டை வரை முதல் கடை மலிவு, ஐந்தாவது சட்டையில் இரண்டாவது கடை முந்துகிறது. ஐந்து சட்டைக்கு முதல் கடையில் 2,880 ஆகும், இங்கே 2,400. வீட்டில் ஆண்கள் ஐந்து பேர் இருக்கிற குடும்பத்துக்கு, அல்லது கல்யாணத்துக்கு அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் எடுக்கிறவர்களுக்கு, இந்தக் கடை உண்மையிலேயே 480 ரூபாய் மிச்சப்படுத்தித் தரும். நான் இந்த வகைச் சலுகையை மோசம் என்று சொல்லமாட்டேன். எண்ணிக்கை பொருந்தினால் மூன்றிலும் சிறந்தது இதுதான்.

ஆனால் ஐந்தும் தேவை என்கிறவர்களும் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, எது இலவசம்? ஐந்து சட்டையில் விலை வேறு வேறாக இருந்தால், விலை கூடிய இரண்டுக்குத்தான் பில் போடுவார்கள், குறைந்த மூன்று இலவசமாகும். அக்கா 1,200 ரூபாய்ச் சட்டை இரண்டும் 800 ரூபாய்ச் சட்டை மூன்றும் எடுத்தால் மொத்த விலை 4,800. கட்டுவது அதே 2,400. அறுபது விழுக்காடு என்று நினைத்தது ஐம்பதாகிவிட்டது. இலவசச் சட்டைகளுக்கென்று தனியாக ஒரு ஸ்டாண்டு வைத்திருந்தால் அதில் தொங்கும் டேகைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, சைஸ். அக்கா நேரில் பார்த்த கடையில் கணவருக்கு வேண்டிய 42 சைஸில் இருந்தது இரண்டே சட்டை. இலவச வரிசையில் 38-ம் 46-ம் நிறையத் தொங்கின. உடம்புக்குச் சேராத சட்டையைத் தேவைக் கணக்கில் சேர்க்க முடியாது. வகுக்கும் எண் ஐந்திலிருந்து மூன்றாகிவிட்டால் ஒரு சட்டை 800-க்கு ஏறிவிடும்.

மூன்றாவது கடைக்கு வருவோம்.

"இரண்டாயிரத்து நானூறுக்கு ரெண்டு சட்டை எடுங்கக்கா. ஆயிரம் ரூபா கூப்பன் கையில! அப்போ சட்டை உங்களுக்கு ஆயிரத்து நானூறுதான்!"

பையன் இந்த வசனத்தை அவ்வளவு அழகாகச் சொன்னான், கைதட்டல் விழுந்தது. 2,400-இல் 1,000 என்றால் கிட்டத்தட்ட 42 விழுக்காடு. முதல் கடையை விடக் குறைவுதான் என்றாலும் மோசமில்லை என்று தோன்றும். ஆனால் இன்று கட்டுவது 2,400 முழுதாக. தட்டிலிருந்து ஒரு கொட்டையும் குறையவில்லை. குறையப் போவது அடுத்த முறை வரும்போது.

எந்த நிபந்தனையும் இல்லாத கூப்பன் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த முறை போய்ச் சரியாக 1,000 ரூபாய்க்குத் துணி எடுத்து, காசு எதுவும் கொடுக்காமல் வருகிறோம். இரண்டு தடவையும் சேர்த்து வந்த துணியின் விலை 3,400, கொடுத்த பணம் 2,400. தள்ளுபடி 1,000-ஐ 3,400-ஆல் வகுக்க வேண்டும், 2,400-ஆல் அல்ல. கணக்கு 29 விழுக்காட்டுச் சொச்சத்தில் நிற்கிறது. கூப்பனைக் கழிவாக எண்ணினால் 42, அது உண்மையில் என்னவோ அதுவாக எண்ணினால் 29. கூப்பன் என்பது இன்னொரு பொருளை வாங்க வைக்கும் காகிதம். அதனால் அந்த இன்னொரு பொருளையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

அக்கா கொண்டுவந்த கூப்பன் புத்தகத்தை நாடகத்தில் உண்மையாகவே காட்டினோம். மாதிரிக்கு ஒன்று கேட்டு வாங்கி வந்திருந்தார். நான்கு சீட்டு, ஒவ்வொன்றும் 250 ரூபாய். பின்பக்கம் சின்ன எழுத்தில், 1,500 ரூபாய் பில்லுக்கு ஒரு சீட்டு மட்டும், 45 நாளுக்குள். கண்ணாடி போட்டுக்கொண்டு மாமிதான் வாசித்தார்.

இப்போது கணக்கு மொத்தமாக மாறுகிறது. ஆயிரம் ரூபாயையும் அனுபவிக்க வேண்டுமென்றால் நான்கு முறை 1,500-க்கு வாங்க வேண்டும். அதாவது இன்னும் 6,000 ரூபாய்த் துணி. அதற்கு 250 கழித்து 1,250 வீதம் 5,000 கட்டுவோம். இன்று கட்டிய 2,400-ஐயும் சேர்த்தால் 7,400. கைக்கு வரும் துணி 8,400. மிச்சம் 1,000. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் 12 கூட முழுதாக வரவில்லை. ஒரு சீட்டு மட்டும் பயன்படுத்திவிட்டு மீதி மூன்றும் நாள் கடந்துவிட்டால், 3,900 ரூபாய்த் துணிக்கு 250 மிச்சம், ஆறரை விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு.

ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்தவுடன் மனம் அதைக் கைக்காசாக எண்ணிவிடுகிறது. அக்கா அப்படித்தான் எண்ணியிருந்தார், நானும் முன்பு எண்ணியிருக்கிறேன். இந்த வகையில் கேட்க வேண்டியவை மூன்றே: ஒரு பில்லுக்கு எவ்வளவு பயன்படுத்தலாம், குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், எத்தனை நாள். மூன்றையும் கேட்டுவிட்டு, அந்த நாளுக்குள் அந்தத் தொகைக்கு எப்படியும் அங்கே வாங்கத்தான் போகிறோமா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் சரி. இல்லையென்றால் கூப்பனுக்கு விலை சுழியம் என்றே வைத்து மற்ற கடையோடு ஒப்பிடுங்கள்.

இதுவரை பார்த்தால் அக்காவுக்கு முதல் கடைதான். நாடகத்தை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பில் இருக்கிறதே.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு துணிக்கடையில், பெயர் வேண்டாம், பாதி விலை என்று பார்த்து ஒரு சுடிதார் எடுத்தேன். பணம் கட்டும் இடத்தில் நான் மனதில் வைத்திருந்த தொகையை விட முப்பது ரூபாய்ச் சொச்சம் கூட வந்தது. கேட்டால், தள்ளுபடிக்குப் பிறகு வரி தனி என்றார்கள். பின்னால் பெரிய வரிசை. கட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் உட்கார்ந்து அந்தப் பில்லை மறுபடி மறுபடி பார்த்தது நினைவிருக்கிறது. பளபளப்பான அந்தப் பில் காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் மங்கியே போய்விட்டது. அதனால் நாடகத்தில் முதல் கடைக்காரரை மறுபடி அழைத்து வந்தேன்.

"ஆயிரத்து நூத்தி அம்பத்திரண்டு, அதோட ஜிஎஸ்டி அஞ்சு பர்சன்ட். ஆயிரத்து இருநூத்தி ஒம்பது ரூபா அறுபது பைசா கொடுங்கக்கா."

கொட்டைக் கணக்கில் பார்ப்போம். தட்டில் நாற்பத்தெட்டு இருந்தது. அதில் ஐந்து விழுக்காடு இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு, 2.4. அதைத் தட்டில் திரும்பச் சேர்க்கிறார். இப்போது 50.4. அறுபது போலத் தெரிந்தது 52 ஆகி, இப்போது ஐம்பதுக்கும் கீழே, 49.6 விழுக்காட்டில் நிற்கிறது. ஒரு சட்டை 576 அல்ல, 604 ரூபாய் 80 காசு.

டேகில் எம்ஆர்பி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எல்லா வரிகளும் உட்பட என்று அச்சாகியிருக்கும். அது அலங்காரத்துக்கு அல்ல. பொதியப்பட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டுச் சட்டமுறை அளவியல் விதிகளின்படி அந்த விலைக்குள் வரி அடங்கியே இருக்க வேண்டும். 1,200 என்ற அந்த நூறு கொட்டைக்குள்ளேயே வரியும் இருக்கிறது. எம்ஆர்பி மேல் தள்ளுபடி என்று பலகை வைத்துவிட்டு, கழித்த விலை மேல் மறுபடி வரி சேர்ப்பது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்போது இருந்தது வாட் வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தது. வரியின் பெயர் மாறினாலும் எம்ஆர்பிக்குள் வரி அடங்கியிருப்பது மாறவில்லை. கடையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். புகாருக்கு இரண்டு சான்று வேண்டும்: பில், டேக். பில் மங்குவதற்குள் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டேகைச் சட்டையிலிருந்து வெட்டியவுடன் குப்பையில் போடாதீர்கள்.

இந்த ஐந்து விழுக்காடு சின்ன விஷயம் என்று நினைத்தால், அது ஒரு இடத்தில் முடிவையே மாற்றிவிடுகிறது. கூட்டத்தில் இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அக்காதான். "என் தம்பிங்க ரெண்டு பேருக்கும் எடுத்தா நாலு சட்டை ஆகுது. அப்போ?" என்று கேட்டார். பையன் கரும்பலகையில் போட்டான்.

| தேவைப்படும் சட்டை | முதல் கடை, வரி சேர்க்காமல் | முதல் கடை, 5% வரி சேர்த்தால் | இரண்டாவது கடை |
|---|---|---|---|
| 2 | 1,152 | 1,209.60 | 2,400 |
| 3 | 1,728 | 1,814.40 | 2,400 |
| 4 | 2,304 | 2,419.20 | 2,400 |
| 5 | 2,880 | 3,024 | 2,400 |

நான்கு சட்டைக்கு, வரி தனியாகச் சேர்க்காவிட்டால் முதல் கடை 96 ரூபாய் மலிவு. சேர்த்தால் இரண்டாவது கடை 19 ரூபாய் மலிவு, அதோடு ஒரு சட்டை கூடுதலாகவும் வரும். பலகையில் எழுதாத ஒரு வரி, எந்தக் கடை என்ற பதிலையே திருப்பிப் போடுகிறது. இரண்டாவது கடையும் வரியைத் தனியாகச் சேர்த்தால் அதுவும் 2,520 ஆகிவிடும், மறுபடி முதல் கடை முந்தும். அதனால் எந்தக் கடையானாலும் உள்ளே போகும்போதே கேட்க வேண்டும், பணம் கட்டும் இடத்தில் அல்ல.

மூன்று கடையையும் இப்படி ஒப்பிட முடிந்ததற்கு ஒரு காரணம், மூன்றிலும் ஒரே சட்டை, ஒரே அச்சு விலை. இது எப்போதும் அமையாது. நூறு எது என்பதே கடைக்குக் கடை மாறினால் விழுக்காட்டை ஒப்பிடுவதில் பயனில்லை. இதையும் தட்டில் காட்டினோம். நூறு கொட்டைக்குப் போக வேண்டிய ஒரு சட்டைக்கு, பையன் சட்டைப்பையிலிருந்து இன்னும் அறுபது கொட்டை எடுத்துத் தட்டில் கொட்டினான். நூற்றறுபது. பிறகு, "பாதி விலை!" என்று கத்திக்கொண்டே பாதியை எடுத்தான். தட்டில் எண்பது. ஐம்பது விழுக்காடு என்று கூவியது, பழைய விலையை வைத்துப் பார்த்தால் வெறும் இருபது. அதே தெருவில் விலையை ஏற்றாமல் 30% போட்ட கடையில் எழுபது கொட்டைக்கே கிடைக்கும்.

விலையை ஏற்றியிருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? அச்சான விலை மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். விலையைக் குறைக்க மட்டும்தான் புது ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் கம்பெனி அச்சிட்ட விலையை மறைக்காமல். பழைய எண்ணை மூடிக்கொண்டு பெரிய எண் ஒட்டியிருந்தால் அங்கே நின்று கேட்க வேண்டும். கம்பெனிப் பெயர் இல்லாத துணியில் ஒப்பிட அச்சு விலையே கிடைக்காமல் போகலாம். அப்போது விழுக்காட்டை மறந்துவிட்டு, கடைசியில் ஒரு சட்டைக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்பதை மட்டும் பக்கத்துக் கடையோடு வைத்துப் பாருங்கள். துணியைத் தொட்டுப் பார்க்கவும் தையலைத் திருப்பிப் பார்க்கவும் நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழுவில் பாதிப் பேர் கார்மென்ட்ஸ் பேக்டரியில் வேலை செய்கிறவர்கள்.

'60% வரை' என்ற பலகையை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. 'வரை' என்ற அந்தச் சின்னச் சொல் இருந்தால் நாம் எடுக்கும் சட்டைக்கு என்ன தள்ளுபடி என்பது டேகைப் பார்க்கும் வரை தெரியாது. ஒப்பிட அதில் எண்ணே இல்லை.

அக்கா கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தம்பிகள் இருவரையும் போனில் கேட்டார். ஒருவருக்குச் சட்டை வேண்டும், இன்னொருவர் ஏற்கனவே எடுத்துவிட்டார். ஆக மூன்று. மறுநாள் மாலை முதல் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வாசலில் நின்ற விற்பனைப் பையனிடம், சட்டையைத் தொடுவதற்கு முன்பே, "தம்பி, பில்லுல வரி தனியா சேர்ப்பீங்களா?" என்று கேட்டார். அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து இல்லை என்றான். "அப்போ மூணு சட்டைக்கு ஆயிரத்து எழுநூத்தி இருபத்தெட்டு, சரிதானே?" என்றார் அக்கா. அவன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினான். அப்புறம்தான் 42 சைஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.